ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பிடி அரிசி

நாகர்கோவிலில் நாங்கள் வசிக்கும் அடுக்ககத்தில் நான்கு தளங்கள். தளத்திற்கு ஆறாக 24 வீடுகள். பெரும்பாலான வீடுகளில் என் வயதை ஒத்த முதியவர்களே இருக்கிறோம். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலுமாக வேலை பார்க்கிறார்கள். ஓட்டு வீட்டின் முற்றத்தில் கட்டி கூட்டி, பனையோலை எரித்து, குரவையிட்டுப் பொங்கல் வைத்தவர்கள், இங்கே வந்தபின் எரிவாயு அடுப்பில் குக்கரில் பொங்கல் வைத்து, சன்னல் வழியே கதிரவனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். எல்லோரும் கீழே கூடி ஒரு காலைப் பொழுதில் பொங்கலிட்டு, பிள்ளைகளுக்கு விளையாட்டும் வைக்கலாம் என்று 2025ஆம் ஆண்டு தீர்மானித்தோம். அழைப்பு எழுதும் பணி என்னிடம் வந்தது. முப்பது ஆண்டுகள் அலுவலகத்தில் சுற்றறிக்கை எழுதிய கை ஆயிற்றே!

நான் எழுதியது நான்கே வாக்கியம். "வீட்டிற்கு 500 ரூபாய் பங்குத்தொகை. செலுத்தியவர்களின் பெயர்கள் பலகையில் வெளியிடப்படும். ஒவ்வொரு வீட்டாரும் ஒரு பிடி பச்சரிசி கொண்டுவர வேண்டும். அனைவரும் வந்து ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்." படிக்கும்போது ஒரு குறையும் தோன்றவில்லை. அந்த நான்கு வாக்கியங்களும் நான்கு விதமாகப் பிழைத்துப்போயின என்பதைப் பொங்கலன்றுதான் அறிந்தேன்.

"அனைவரும் வருக" என்றால் எத்தனை மணிக்கு, எதற்கு என்று எவருக்கும் தெரியவில்லை. காலை ஐந்தரைக்கு நானும் காவலாளியும் மட்டுமே நின்றோம். எட்டு மணிக்கு முப்பது பேர் அடுப்பைச் சுற்றி நின்று, ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வாடகைக்கு எடுத்திருந்த பெரிய வார்ப்பில் மூன்று கிலோ அரிசிக்கான உலையை வைத்திருந்தோம். அவ்வளவு அகன்ற பாத்திரம் எளிதில் பொங்கி வழியாது என்பது யாருக்கும் நினைவில்லை. உலை நடுவில் கொதித்ததே தவிர விளிம்பைத் தொடவில்லை. பிள்ளைகள் "பொங்கலோ பொங்கல்" சொல்லக் காத்திருந்து சலித்துப் போனார்கள். நேரமாகிறதே என்று ஒருவர் பாலை ஊற்றினார். இன்னொருவர் வெல்லத்தை உடைத்துப் போட்டார். வெல்லத்தில் உள்ள புளிப்பும் உப்பும் கொதிக்கும் பாலைத் திரித்துவிடும். வெல்லம் சேர்ந்தபின் அரிசியும் மேற்கொண்டு வேகாது. போதாக்குறைக்கு 24 வீட்டு அரிசி. சிலர் புதுஅரிசி கொண்டுவந்தார்கள், சிலர் ஈராண்டுப் பழைய அரிசி, ஒருவர் தவறுதலாகப் புழுங்கலரிசி. பாதி குழைந்து பசையாக, பாதி நறுக்கென்று நின்றது. கதிரவனுக்குப் படைத்தபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. வெயில் ஏறியபின் விளையாட்டுக்கு நிற்க முதியவர்கள் யாருக்கும் இயலவில்லை.

இவையெல்லாம் சமையற்கட்டுப் பிழைகள், சிரித்து மறந்துவிடலாம். ஆனால் பலகையில் நான் ஒட்டிய பட்டியலில் 23 வீடுகளுக்கு நேரே குறியிட்டிருந்தது. மூன்றாம் தளத்தில் ஒரு வீட்டிற்கு நேரே வெற்றிடம். மின்தூக்கிக்குக் காத்திருப்போர் அனைவரின் கண்ணும் ஒரு வாரமாக அந்த வெற்றிடத்தின்மேல்தான் விழுந்திருக்கிறது. அதை எழுதி ஒட்டிய நான் ஒருவன்தான் அதைக் கவனிக்கவில்லை.

அந்த வீட்டில் இருப்பவர் எழுபத்தைந்து வயதைக் கடந்த அம்மையார். கணவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின. குடும்ப ஓய்வூதியத்தில் தனியே வாழ்கிறார். பொங்கல் முடிந்ததும் ஒரு தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு மேலே சென்றேன். வாளியை வாங்கி வைத்துவிட்டுச் சற்றுநேரம் பேசாமல் இருந்தார்.

"ஏன் அக்கா கீழே வரவில்லை?" என்றேன்.

"நான் வந்து என்ன செய்ய, தம்பி? இந்த மாசம் மருந்துக்கே பணம் போதல்ல. பலகையில எம்பேருக்கு நேரே ஒண்ணுமில்ல. அதோட பொங்கப்பானை முன்னால நான் வந்து நின்னா நாலு பேரு என்ன சொல்லுவாவ?"

இரண்டு காரணங்களைச் சொன்னார். முதற்காரணம் முழுவதும் என் கைவேலை. இரண்டாவது, காலம்காலமாக நம் வீடுகளில் வாய்விட்டுச் சொல்லாமலே நடந்துவருவது; ஆயினும் அதற்கும் நான் ஒரு சொல்லால்கூட மாற்று வைக்கவில்லை. தலைகுனிந்து திரும்பினேன். தூக்குவாளியைத் திருப்பித் தந்தபோது, "அரிசி ரெண்டு இனம் கலந்திருக்கு. வெல்லம் முந்திப் போச்சு" என்றும் சொன்னார். ஒரு கவளம் உண்டவுடன் அவர் அறிந்துவிட்டார்.

2026ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு மீண்டும் அழைப்பு எழுத வேண்டி வந்தபோது, கார்த்திகையிலேயே அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். "அக்கா, ஆண்டுதோறும் மாசிக் கொடைக்கு மண்டைக்காட்டுக்குப் போகிறீர்களே, அங்கே பொங்கலிடுவதில்லையா?" என்று கேட்டேன். "இடாம? அம்மைக்கு இடாம வேறே ஆருக்கு இடுவேன்?" என்றார். "அங்கே அடுப்பு மூட்டும்போது யாராவது ஏதாவது சொல்வார்களா?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. பகவதியின் திருமுன் ஆயிரமாயிரம் பெண்கள் வரிசையாய் அடுப்பு மூட்டும்போது, யார் எந்த நிலையினர் என்று எவரும் கேட்பதில்லை. அம்மை கேளாததை நாம் கேட்கலாகுமா? "உங்களுக்குப் பங்குப் பணம் இல்லை, அக்கா, வேலைதான் இருக்கிறது. ஆறு மணிக்கு ஒரு நாற்காலி போட்டுத் தருகிறோம். அடுப்புகளைப் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றேன். "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார்.

முதலில் நாளைக் குறிக்க வேண்டியிருந்தது. தை முதல் நாள் அவரவர் வீட்டில் பொங்கலிடுவார்கள். சிலர் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். ஆகவே அடுத்துவரும் ஞாயிறே வசதி என்று இளையவர்கள் ஜனவரி 18ஐச் சொன்னார்கள். பஞ்சாங்கத்தைப் பிரித்தேன், அன்று தை அமாவாசை! அதிகாலையிலேயே கன்னியாகுமரியில் முக்கடல் கூடுமிடத்தில் நீராடித் தர்ப்பணம் செய்யப் பெரியவர்கள் கிளம்பிவிடுவார்கள். பல வீடுகளில் விரதச் சமையல். ஞாயிறு என்று அச்சிட்டிருந்தால் கூட்டத்தில் பாதி இருந்திருக்காது. எனவே 17ஆம் தேதி, சனிக்கிழமை, காணும் பொங்கலன்று வைத்தோம். சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பது மணிக்குத் தொடங்குவதால், எட்டு மணிக்குள் படையலை முடித்துவிட வேண்டும் என்பதும் அப்போதே தெளிவாயிற்று. அந்த எட்டு மணியிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் மற்ற நேரங்களையெல்லாம் வகுத்தோம்.

அடுத்தது அரிசி. அறுவடைத் திருநாள் என்றால் புத்தரிசி வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தார். நாஞ்சில்நாட்டில் நெல் இரு போகம். கன்னிப்பூ ஆவணி, புரட்டாசியில் அறுவடையாகும். கும்பப்பூ மாசியை ஒட்டித்தான் அறுவடைக்கு வரும். தை பிறக்கும்போது நம் வயல்களில் கும்பப்பூப் பயிர் பச்சையாகத்தான் நிற்கும். அதனாலன்றோ கன்னியாகுமரி பகவதியம்மன் கோயில் முதலிய நம் ஊர்க் கோயில்களில் புதுக்கதிரை வரவேற்கும் நிறைபுத்தரிசி பூஜை ஆடியிலேயே நடந்துவிடுகிறது! ஆகவே தையில் நமக்குக் கிடைக்கும் அரிசி ஏறக்குறைய நான்கு மாதம் பழகிய கன்னிப்பூ அரிசி. பொங்கலுக்கு அது ஏற்றதே. மிகப் புதிதுபோல் குழைந்து கரையாது, மிகப் பழையதுபோல் தண்ணீரைக் குடித்துக்கொண்டும் இராது. எது ஆயினும் எல்லாப் பானைக்கும் ஒரே மூட்டை அரிசி என்று முடிவு செய்தோம்.

அப்படியானால் வீட்டுக்கொரு பிடி அரிசி வேண்டாமா? அந்த வழக்கத்தை விட மனம் வரவில்லை. மூன்றாம் தளத்து அம்மையாரிடமே கேட்டேன். "பானையில போட்டாத்தான் அரிசியா? ஊறப்போட்டு அரைச்சு மாக்கோலம் போடுங்க. எறும்பும் அணிலும் தின்னட்டும்" என்றார். கோலத்திற்குப் புதுஅரிசி, பழைய அரிசி, புழுங்கல் என்ற பேதம் இல்லை. இரவில் கதவருகே ஒரு வாளி வரும். ஒரு பிடி போட்டால் போதும். எந்த வீட்டிலும் ஒரு பிடி அரிசி இல்லாமற் போகாது. எவரது பிடி பெரிது, எவரது சிறிது என்று வாளிக்குள் தெரியாது.

பங்குத்தொகைக்கும் அதே வழியைக் கண்டோம். ஒரே மாதிரியான 24 உறைகளை வீடுதோறும் கொடுத்தோம். உறையின்மேல் பெயரோ வீட்டு எண்ணோ இல்லை. உள்ளே எதுவும் வைக்கலாம். வைக்காமலும் ஒட்டித் தரலாம். எல்லா உறைகளும் ஓர் உண்டியலில் சேரும். பலகையில் வரவின் மொத்தமும் செலவுக் கணக்கும் மட்டும் எழுதப்படும். கொடுத்தவர் பெயர் எழுதப்படாது. விறகு, பானை வாடகை, வெல்லம், நெய், பரிசுப் பொருள்கள் ஆகியவற்றுக்கு அந்தப் பணம். காய்கறிகளுக்கு மட்டும் பொருளாகவே கேட்டோம். வீட்டுக்குக் கால் கிலோ என்றால் மொத்தம் ஆறு கிலோ; எண்பது பேருக்கான அவியலுக்கு அது போதும். ஆனால் "ஏதேனும் ஒரு காய்" என்று விட்டால் பாதிப்பேர் பூசணி கொண்டுவருவார்கள். ஆகவே தளவாரியாகப் பிரித்தோம்: முதல் தளத்தார் சேனையும் ஏத்தங்காயும், இரண்டாம் தளத்தார் தடியங்காயும் வெள்ளரிக்காயும், மூன்றாம் தளத்தார் முருங்கைக்காயும் புடலங்காயும், நான்காம் தளத்தார் சிறுகிழங்கும் மாங்காயும்.

இவ்வாறு எழுதிய புதிய அழைப்பின் நடுப்பகுதி இது:

"காலை 4.30 முதல் 6 வரை கோலம்: நால்வர். 5.30 முதல் 6.15 வரை மணல் பரப்புதல், அடுப்புக்கட்டி வைத்தல், விறகு: மூவர். 6.15 முதல் 7.45 வரை பானைக்கு இருவர் வீதம் எண்மர். அடுப்புப் பொறுப்பு: ஒருவர், நாற்காலி உண்டு. 6 முதல் 7.30 வரை அவியல்: நால்வர். 8 முதல் 9 வரை பரிமாறுதல்: அறுவர். 9.15 முதல் 11 வரை விளையாட்டு: ஐவர். 11 முதல் 11.30 வரை அடுப்பைத் தணித்து இடத்தைக் கழுவுதல்: நால்வர். ஒருவர் ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொள்க. அமர்ந்தபடி செய்யக்கூடிய வேலைகளுக்கு நட்சத்திரக் குறி இட்டுள்ளோம். துக்கம் காரணமாக இவ்வாண்டு பொங்கலிடாத இல்லத்தார், படையலுக்குப் பின்வரும் பணிகளில் தங்களுக்கு உகந்ததை ஏற்கலாம். எந்த வேலையையும் ஏற்காமல் வந்து அமர்ந்திருப்பவரும் எங்கள் விருந்தினரே."

துக்கம் பற்றிய அந்த வரியைச் சேர்க்கக் காரணம் உண்டு. இரண்டாம் தளத்தில் ஒரு வீட்டில் புரட்டாசியில் மூத்தவர் மறைந்திருந்தார். அவர்களைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று எல்லோரும் தயங்கினார்கள். கூப்பிட்டால் முறை பிறழும். கூப்பிடாவிட்டால் மனம் நோகும். வரியைப் படித்துவிட்டு அந்த வீட்டு மகன் தாமாகவே விளையாட்டுக்குப் பெயர் கொடுத்தார். கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று கரும்புக் கட்டைத் தாங்களே கொண்டுவந்து தருவதாகச் சொல்லி, பரிமாறும் வேலையையும் ஏற்றது. பட்டியல் பத்தே நாளில் நிரம்பிற்று. "அடுப்புப் பொறுப்பு" என்ற வரி மட்டும் வெறுமையாய் இருந்தது. அதை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. போகி அன்று மாலை பார்த்தபோது, நடுங்கும் எழுத்தில் ஒரு வீட்டு எண் எழுதப்பட்டிருந்தது.

சனிக்கிழமை விடியுமுன்னே கீழே வந்தேன். நடைபாதையில் மாக்கோலம் ஈரமாய் மின்னிக்கொண்டிருந்தது. வாகனங்கள் நிற்கும் இடத்தில் தீ மூட்டுவது ஆபத்து. மொட்டைமாடியில் தளம் வெடிக்கும். அதனால் கிழக்குப் பக்கத்துத் திறந்தவெளியில், வண்டிகளை முந்தின இரவே அகற்றிவிட்டு, மணலைப் பரப்பி, வெள்ளையும் காவியும் பூசிய அடுப்புக்கட்டிகளை வைத்தோம். பக்கத்திலேயே நான்கு வாளித் தண்ணீர். பனையோலை அடுப்பைப் பற்றவைக்க மட்டும். அது குப்பென்று எரிந்து காற்றில் பறக்கும். பிறகு தென்னை மட்டையும் சிரட்டையும் விறகும்.

பெரிய வார்ப்பை விட்டொழித்து, தளத்துக்கு ஒன்றாக, எட்டு லிட்டர் கொள்ளும் ஈயம் பூசிய நான்கு பித்தளைப் பானைகளை வைத்திருந்தோம். மூன்று கிலோ அரிசி நான்காகப் பிரிந்து, பானைக்கு முக்கால் கிலோ ஆயிற்று. கூடவே வறுத்த சிறுபருப்பு இருநூறு கிராம். குத்துவிளக்கிலிருந்து முதல் அடுப்பை அம்மையார் பற்றவைத்தார். அந்த அடுப்பிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது. ஆற்றுகால் பொங்காலையில் கோயில் அடுப்பின் தீ அடுப்புக்கு அடுப்பாகக் கைமாறிச் செல்வதைக் கண்டவர்களுக்கு அது நினைவு வந்திருக்கும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முதல் குரவையை இட்டது நான்காம் தளத்துச் சுமங்கலிப் பெண்மணி.

"அரிசியை இப்பம் போடாத" என்றார் அம்மையார். அரிசி களைந்த இரண்டாம் கழுநீரும் அரை லிட்டர் பாலும் சேர்த்து, பானையின் கழுத்துவரை உலையை நிரப்பச் செய்தார். கழுநீரின் மாப்பசையும் பாலும் நுரையைக் கூட்டுவதால் குறுகிய கழுத்துப் பானை விரைவில் பொங்கும். ஏழு மணிக்குச் சற்று முன் முதல் பானை பொங்கிக் கிழக்கே வழிந்தது. ஐந்து நிமிட இடைவெளியில் மற்றவையும் பொங்கின. பிள்ளைகளுக்கு நான்கு முறை "பொங்கலோ பொங்கல்" வாய்த்தது! பொங்கியபின் பானைக்கு இரண்டு லிட்டர் தண்ணீரை முகந்து தனியே வைத்துவிட்டு, அரிசியையும் பருப்பையும் இடச் சொன்னார். வேகும்போது இறுகினால் அந்தத் தண்ணீரே திரும்பச் சேரும்.

ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கி, நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லை என்று கண்டபின்தான் வெல்லத்திற்கு உத்தரவு கிடைத்தது. பானைக்கு ஒன்றேகால் கிலோ வெல்லத்தை முன்பே கரைத்து, துணியில் வடிகட்டி மண்ணை நீக்கி வைத்திருந்தோம். விறகை இழுத்துத் தீயைத் தணித்து, கொதி அடங்கியதும் ஊற்றினோம். பால் திரியவில்லை. அப்பால் நெய், முந்திரி, ஏலம்.

மறுபுறம் அவியலும் அவர் கண்பார்வையில்தான் நடந்தது. சேனை முதலில், மஞ்சளோடு குறைந்த தண்ணீரில். பாதி வெந்தபின் ஏத்தங்காயும் முருங்கையும். தடியங்காயும் வெள்ளரியும் கடைசியில். எல்லாவற்றையும் ஒன்றாய்ப் போட்டால் சேனை வேகுமுன் வெள்ளரி கரைந்துவிடும். மாங்காயின் புளிப்பே போதுமாகையால் தயிர் சேர்க்கவில்லை. தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் அரைத்த விழுது ஒரு கொதி கண்டதும் இறக்கி, பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும்.

ஏழே முக்காலுக்குக் கட்டடத்தைத் தாண்டி வெயில் பானைகளின்மேல் விழுந்தது. நான்கு பானைகளிலிருந்தும் ஒவ்வோர் அகப்பை எடுத்து ஒரே தலைவாழையிலையில் இட்டு, மட்டிப்பழமும் கரும்பும் தேங்காயும் வைத்துக் கதிரவனுக்குப் படைத்தோம். ஒன்பதேகாலுக்கு விளையாட்டு. உண்ட வயிற்றோடு ஓடக்கூடாதென்பதால் முதலில் பாட்டியும் பேரப்பிள்ளையுமாய் இணைந்து ஆடும் பல்லாங்குழியும் தாயமும், பிறகு பிள்ளைகளின் சாக்கு ஓட்டம், இறுதியில் உறியடி. துக்கத்தில் இருந்த வீட்டு மகன் உறிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். நான்கு மாதத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

உண்டியலைத் திறந்தபோது 24 உறைகள் இருந்தன. மூன்று உறைகள் வெறுமையாய் இருந்தன. எவருடையவை என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை. செலவு போக மிஞ்சியதைக் காவலாளியின் பிள்ளைகளுக்குப் புத்தாடைக்கென்று கொடுத்தோம். கணக்கைப் பலகையில் ஒட்டிவிட்டுத் திரும்பினால், அம்மையார் இன்னும் நாற்காலியில் அமர்ந்து, அவிந்த அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருசம் கட்டியை இன்னும் ஒரு சாண் தள்ளி வைக்கணும், தம்பி. காத்து இந்தப் பக்கமிருந்து வருது" என்றார்.

மாக்கோலத்தின் ஓரத்தில் எறும்புகள் வரிசை பிடித்திருந்தன. அவற்றை மிதித்துவிடாமல் சுற்றி நடந்து, அவரை மின்தூக்கிவரை கைப்பிடித்து அழைத்துச் சென்றேன்.